மாறா முன்செலுத்தல் விகிதத்தில் அடமானக் கடன் தொகுப்பு: மாதப் பணவரவையும் சராசரி ஆயுளையும் கணக்கிடும் முறை

வீட்டு அடமானக் கடன்கள் பலவற்றை ஒரே தொகுப்பாகச் சேர்த்து, கடனாளிகள் மாதந்தோறும் கட்டும் அசலையும் வட்டியையும் முதலீட்டாளர்களிடம் அப்படியே கொண்டுசேர்க்கும் பத்திரங்களில், சாதாரணக் கடன் பத்திரத்தில் எழாத ஒரு கேள்வி எழுகிறது. முதலீடு செய்த பணம் எப்போது திரும்பி வரும் என்பதே அந்தக் கேள்வி. தொகுப்பில் உள்ள ஒவ்வொரு கடனும் 30 ஆண்டுக் கடனாகவே இருந்தாலும், வீட்டை விற்பவர்களும், குறைந்த வட்டிக்கு வேறு கடன் வாங்கிப் பழைய கடனை அடைப்பவர்களும், கையில் பணம் சேர்ந்ததும் முழுவதையும் கட்டிவிடுபவர்களும் எப்போதும் இருப்பார்கள். அவர்கள் அடைக்கும் பணம் தவணைக் காலத்துக்கு முன்பே முதலீட்டாளரை வந்தடைகிறது. இதையே முன்செலுத்தல் என்கிறோம்.

முன்செலுத்தல் எந்த வேகத்தில் நடக்கும் என்பதை யாரும் முன்கூட்டி அறிய முடியாது. ஆனால் ஒரு வேகத்தை அனுமானித்துக்கொண்டால், அதிலிருந்து ஒவ்வொரு மாதமும் எவ்வளவு பணம் வரும், அசல் சராசரியாக எத்தனை ஆண்டுகளில் திரும்பும் என்பவற்றைத் துல்லியமாகக் கணக்கிடலாம். மிக எளிய அனுமானம், ஆண்டு முழுவதும், எல்லா ஆண்டுகளிலும், ஒரே விகிதத்தில் முன்செலுத்தல் நடக்கும் என்பது. இந்த மாறா ஆண்டு விகிதத்தைச் சந்தையில் சிபிஆர் என்று குறிப்பிடுவார்கள். ஒரே ஒரு தொகுப்பை எடுத்துக்கொண்டு, அதன் முதல் மாதத்திலிருந்து சராசரி ஆயுள் வரை கணக்கைப் படிப்படியாகப் போட்டுப் பார்ப்போம்.

எடுத்துக்கொள்ளும் தொகுப்பு

தொடக்கத்தில் நிலுவையில் உள்ள அசல் 10,00,000. எந்த நாணயமாக இருந்தாலும் கணக்கு மாறாது என்பதால் நாணயத்தைக் குறிப்பிடவில்லை. எல்லாக் கடன்களும் இன்று தொடங்கியவை. மீதமுள்ள காலம் 360 மாதங்கள். கடனாளிகள் கட்டும் வட்டி ஆண்டுக்கு 6%, அதாவது மாதத்துக்கு 0.5%. இதில் முதலீட்டாளரைச் சென்றடைவது 5.5% மட்டுமே. மீதி 0.5% தவணைகளை வசூலித்துக் கணக்கு வைத்திருப்பவருக்கும் உத்தரவாதம் தருபவருக்கும் உரிய கட்டணமாகப் போய்விடும்.

இந்த இரண்டு வட்டி விகிதங்களையும் தொடக்கத்திலேயே பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். அசல் எந்த வேகத்தில் குறைகிறது என்பதைத் தீர்மானிப்பது கடனாளி கட்டும் 6%. முதலீட்டாளரின் கைக்கு வரும் வட்டியைத் தீர்மானிப்பது 5.5%. தவணையை 5.5% வைத்துக் கணக்கிட்டால், அசல் உண்மையில் குறைவதைவிட வேகமாகக் குறைவதாகக் காட்டும் ஓர் அட்டவணை கிடைக்கும். அதன் கூட்டல் கழித்தல் எல்லாம் சரியாகவே இருக்கும் என்பதால், அந்தப் பிழை எளிதில் கண்ணில் படாது.

முதல் படி: ஆண்டு விகிதத்தை மாத விகிதமாக மாற்றுதல்

சிபிஆர் 6% என்று வைத்துக்கொள்வோம். இதன் பொருள், தவணைப்படி அடைய வேண்டிய அசலைக் கழித்த பிறகு எஞ்சியிருப்பதில் 6% ஓராண்டில் முன்கூட்டியே அடைந்துவிடும் என்பது. பணம் மாதந்தோறும் வருவதால் நமக்கு மாத விகிதம் தேவை. அதை எஸ்எம்எம் என்பார்கள். ஒவ்வொரு மாதமும் எஞ்சியிருப்பதில் ஒரே பங்கு வெளியேறுகிறது. பன்னிரண்டு மாதங்கள் கழித்து 94% எஞ்சியிருக்க வேண்டும். ஆகவே மாதந்தோறும் எஞ்சும் பங்கைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் 0.94 வர வேண்டும்.

```
SMM = 1 - (1 - CPR)^(1/12)
SMM = 1 - 0.94^(1/12) = 0.005143
```

அதாவது மாதத்துக்கு 0.5143%. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் 6%-ஐ 12-ஆல் வகுத்து 0.5% என்று எடுத்துக்கொள்கிறார்கள். இந்த வேகத்தில் வேறுபாடு அற்பமாகத் தெரியும். ஆனால் வேகம் கூடும்போது பிழையும் வளர்கிறது. சிபிஆர் 24% என்றால் சரியான மாத விகிதம் 2.261%; வகுத்து எடுத்தால் வருவது 2%. மாதத்துக்கு 2% வெளியேறினால் ஓராண்டில் வெளியேறுவது 24% அல்ல, 21.53% மட்டுமே. நம் தொகுப்பின் சராசரி ஆயுள் இதனால் 3.48 ஆண்டுகளுக்குப் பதிலாக 3.90 ஆண்டுகள் என்று வந்துவிடும்; ஐந்து மாதங்கள் கூடுதல். கணக்கு சரியா என்று பார்க்க, மாத விகிதத்தை ஒன்றிலிருந்து கழித்து, பன்னிரண்டு முறை பெருக்கிப் பாருங்கள். தொடங்கிய ஆண்டு விகிதத்துக்கே அது உங்களைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

இரண்டாம் படி: முதல் மாதத்தின் பணவரவு

360 மாதங்களில் சமத் தவணைகளாக 10,00,000-ஐ 6% வட்டியுடன் அடைப்பதற்கான மாதத் தவணை 5,995.51. முதல் மாத வட்டி 10,00,000-இல் 0.5%, அதாவது 5,000. தவணையிலிருந்து வட்டியைக் கழித்தால் தவணைப்படி அடையும் அசல் 995.51. இதுவரை சாதாரண வீட்டுக் கடன் கணக்குதான்.

முன்செலுத்தல் இதற்குப் பிறகே வருகிறது. தவணை அசலைக் கழித்த பின் எஞ்சுவது 9,99,004.49. இதில் 0.5143% முன்செலுத்தப்படுகிறது: 5,137.89. மாத இறுதியில் நிலுவை 9,93,866.60.

இந்த வரிசையை மாற்றக் கூடாது. மாதத் தொடக்க நிலுவையான 10,00,000 மீதே விகிதத்தைப் போட்டால் 5,143.01 வரும், ஐந்து அலகுகள்தாம் வேறுபாடு. ஆனால் தொகுப்பின் கடைசி மாதத்தை எண்ணிப் பாருங்கள். அந்த மாதத்தில் எஞ்சியிருக்கும் அசல் முழுவதும் தவணை வழியாகவே அடைந்துவிடும். முன்செலுத்த எதுவும் மிச்சமில்லை. தொடக்க நிலுவை மீது விகிதத்தைப் போட்டவர்களின் அட்டவணை அங்கே இல்லாத அசலையும் முன்செலுத்தச் செய்து, இறுதி நிலுவையை எதிர்மறை எண்ணாக்கிவிடும். 360ஆம் மாத இறுதியில் பூச்சியத்துக்குக் கீழே ஒரு சிறு எண் நிற்பதைக் கண்டால், காரணம் பெரும்பாலும் இதுதான்.

இனி முதலீட்டாளருக்குச் செல்வதைக் கூட்டுவோம். வட்டி 10,00,000-க்கு ஆண்டுக்கு 5.5% வீதம் ஒரு மாதத்துக்கு 4,583.33. தவணை அசல் 995.51. முன்செலுத்திய அசல் 5,137.89. மொத்தம் 10,716.73. கடனாளிகள் கட்டிய வட்டியில் எஞ்சும் 416.67 கட்டணமாகிறது. முதல் மாதத்தில் முதலீட்டாளரை அடையும் அசலில் ஆறில் ஐந்து பங்குக்கு மேல் முன்செலுத்தலாகவே வருகிறது என்பதைக் கவனியுங்கள். 30 ஆண்டுக் கடனின் தொடக்கத்தில் தவணை பெரும்பாலும் வட்டியாகவே போவதால், 6% என்ற மிதமான வேகமே பணவரவின் போக்கைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறது.

மூன்றாம் படி: இரண்டாம் மாதமும் தவணை குறைவதற்கான காரணமும்

இரண்டாம் மாதத் தொடக்க நிலுவை 9,93,866.60; எஞ்சிய காலம் 359 மாதங்கள். இவற்றுக்கான தவணையைப் புதிதாகக் கணக்கிட்டால் 5,964.67 வருகிறது. முதல் மாதத் தவணையை (1 − 0.005143) என்பதால் பெருக்கினாலும் இதே எண்தான். வட்டி 4,969.33, தவணை அசல் 995.34, அதைக் கழித்த பின் எஞ்சுவது 9,92,871.27, முன்செலுத்தல் 5,106.35, இறுதி நிலுவை 9,87,764.92. முதலீட்டாளருக்கு வட்டி 4,555.22, அசல் 6,101.69, மொத்தம் 10,656.91.

தவணை ஏன் குறைய வேண்டும் என்பது பலருக்குப் பிடிபடாத இடம். தனி ஒருவர் தன் கடனில் ஒரு பகுதியைக் கூடுதலாகக் கட்டும்போது, பொதுவாக அவருடைய தவணை மாறாது, காலமே குறையும். அந்தப் பழக்கத்தை அப்படியே தொகுப்புக்கும் பொருத்துகிறார்கள். ஆனால் தொகுப்பில் நடக்கும் முன்செலுத்தலில் பெரும்பங்கு, முழுக் கடனும் ஒரேயடியாக அடைபடுவது. அடைந்த கடன் தன் தவணையையும் எடுத்துக்கொண்டு வெளியேறிவிடுகிறது. எஞ்சியிருக்கும் கடனாளிகள் தங்கள் பழைய தவணையைப் பழையபடியே, பழைய கால அளவுக்கே கட்டுகிறார்கள். ஆகவே தொகுப்பின் மொத்தத் தவணை, வெளியேறிய பங்கின் அளவுக்குச் சுருங்குகிறது.

தவணையை 5,995.51 என்றே வைத்துக்கொண்டு அட்டவணையை நீட்டினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், நிலுவை 166ஆம் மாதத்திலேயே பூச்சியத்தைத் தாண்டிவிடுகிறது. 360 மாதத் தொகுப்பு பதினான்கு ஆண்டுகளுக்குள் காலியாகிறது. சிபிஆர் என்ன வேகமானாலும், சரியான அட்டவணையில் ஏதோ ஒரு சிறு தொகையாவது 360ஆம் மாதம் வரை நிலுவையில் நிற்கும். உங்கள் தொகுப்பு நடுவழியில் முடிந்தால் தவணை நெடுவரிசையைத் திரும்பிப் பாருங்கள்.

அட்டவணையை அமைத்தல்

விரிதாளில் B1 முதல் B4 வரையான கட்டங்களில் முறையே கடனாளி வட்டி, முதலீட்டாளர் வட்டி, சிபிஆர், எஸ்எம்எம் ஆகியவற்றை வையுங்கள். மாதங்கள் ஏழாம் வரியில் தொடங்கி 366ஆம் வரியில் முடியட்டும். முதல் மாதத்தின் வரி இது:

```
B4:  =1-(1-B3)^(1/12)
A7:  1
B7:  1000000
C7:  =PMT($B$1/12, 361-A7, -B7)
D7:  =B7*$B$1/12
E7:  =C7-D7
F7:  =$B$4*(B7-E7)
G7:  =B7-E7-F7
H7:  =B7*$B$2/12
I7:  =A7*(E7+F7)
A8:  =A7+1
B8:  =G7
```

C தவணை, D கடனாளி கட்டும் வட்டி, E தவணை அசல், F முன்செலுத்தல், G இறுதி நிலுவை, H முதலீட்டாளருக்குரிய வட்டி. ஒரு மாதத்தில் முதலீட்டாளர் பெறுவது E, F, H மூன்றின் கூட்டுத்தொகை. I நெடுவரிசை சராசரி ஆயுளுக்கானது. C முதல் I வரையான கட்டங்களை ஏழாம் வரியிலிருந்தும், A, B இரண்டையும் எட்டாம் வரியிலிருந்தும் கீழே 366ஆம் வரி வரை நகலெடுத்தால் போதும். G366 பூச்சியமாக இருக்க வேண்டும். E, F இரண்டு நெடுவரிசைகளின் மொத்தம் சரியாக 10,00,000 ஆக வேண்டும்.

இந்த அட்டவணையைச் சரிபார்க்க இன்னொரு வழியும் உண்டு. பின்னால் சராசரி ஆயுளைப் புரிந்துகொள்ளவும் அதுவே திறவுகோல் என்பதால் சற்று நிதானமாகச் சொல்கிறேன். முன்செலுத்தலே இல்லாத அட்டவணையில் ஒரு குறிப்பிட்ட மாதத்தின் நிலுவை என்னவோ, அதை (1 − SMM) என்பதால் அத்தனை மாதங்களுக்குப் பெருக்கினால், முன்செலுத்தல் உள்ள தொகுப்பின் நிலுவை கிடைத்துவிடும். எந்தெந்தக் கடன்கள் இன்னும் எஞ்சியிருக்கின்றன என்பது ஒரு காரணி. எஞ்சிய கடன் ஒவ்வொன்றிலும் தவணைப்படி எவ்வளவு பாக்கி என்பது மற்றொன்று. இரண்டும் ஒன்றையொன்று பாதிப்பதில்லை.

பத்தாம் ஆண்டின் முடிவைப் பார்ப்போம். முன்செலுத்தல் இல்லாவிட்டால் அப்போதும் அசலில் 83.69% நிலுவையில் இருக்கும். பத்தாண்டுத் தவணைகள் அடைத்தது வெறும் 16.31% தான். 6% வேகத்தில் பத்தாண்டுகள் கழித்து எஞ்சும் கடன்களின் பங்கு 0.94-ஐப் பத்து முறை பெருக்குவதால் வரும் 53.86%. இரண்டையும் பெருக்கினால் 45.07%. உங்கள் அட்டவணையின் 120ஆம் மாத இறுதி நிலுவை 4,50,740-ஐ ஒட்டி இருக்க வேண்டும்.

நான்காம் படி: சராசரி ஆயுள்

சராசரி ஆயுள் என்பது அசலின் ஒவ்வோர் அலகும் திரும்பி வர எடுத்துக்கொள்ளும் காலத்தின் சராசரி. ஒவ்வொரு மாதமும் திரும்பும் அசலை அந்த மாதத்தின் எண்ணால் பெருக்கி, அனைத்தையும் கூட்டி, தொடக்க அசலால் வகுத்தால் மாதங்களில் விடை வரும். 12-ஆல் வகுத்தால் ஆண்டுகளில் வரும். தவணை அசலும் முன்செலுத்தலும் சேர்ந்ததே இங்கே அசல். வட்டி இதில் எந்த இடத்திலும் சேராது. வட்டியையும் சேர்த்து எடை போட்டால் கிடைக்கும் எண் வேறு எதையோ அளக்கும். அதைச் சராசரி ஆயுள் என்று அழைக்கக் கூடாது. முதலீட்டாளர் வட்டி 5.5%-ஆ 5%-ஆ என்பதால் சராசரி ஆயுள் மாறாமல் இருப்பதற்கும் இதுவே காரணம்.

```
=SUM(I7:I366)/B7/12
```

நம் தொகுப்புக்கு, 6% வேகத்தில், இது 127.17 மாதங்கள், அதாவது 10.60 ஆண்டுகள் என்று தருகிறது.

இதே விடையை இன்னொரு வழியில் பெறலாம். முதல் மாதத்தில் திரும்பும் அசல் ஒரு மாதம் மட்டும் நிலுவையில் இருந்தது. இரண்டாம் மாதத்தில் திரும்பும் அசல் இரண்டு மாதங்கள் இருந்தது. அசலை மாத எண்ணால் பெருக்கிக் கூட்டுவதும், ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் இருந்த நிலுவையை வரிசையாகக் கூட்டுவதும் ஒரே கூட்டுத்தொகையைத்தான் தரும். ஆகவே B நெடுவரிசையைக் கூட்டினாலே போதும்:

```
=SUM(B7:B366)/B7/12
```

இரண்டு கட்டங்களும் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் எங்கோ ஒரு மாதத்தின் இறுதி நிலுவை அடுத்த மாதத்தின் தொடக்க நிலுவையாகச் செல்லவில்லை, அல்லது மாத எண் ஒன்று தவறியிருக்கிறது. இதிலிருந்து மற்றொரு சரிபார்ப்பும் தானாக வருகிறது. ஒவ்வொரு மாத வட்டியும் அந்த மாதத் தொடக்க நிலுவையில் 0.5% என்பதால், D நெடுவரிசையின் மொத்தத்தை 5,000-ஆல் வகுத்தாலும் சராசரி ஆயுள் மாதங்களில் கிடைக்கும். முன்செலுத்தல் இல்லாத நிலையில் மொத்த வட்டி 11,58,382, வகுத்தால் 231.68 மாதங்கள், 19.31 ஆண்டுகள். 6% வேகத்தில் மொத்த வட்டி சுமார் 6,35,860-ஆகக் குறைகிறது. வகுத்தால் மேலே கண்ட 127.17.

சராசரி ஆயுளை நிலுவைகளின் கூட்டுத்தொகையாகப் பார்ப்பதையே நான் எப்போதும் விரும்புகிறேன். மாத எண்ணால் பெருக்கும் வரையறை சரியானதுதான்; ஆனால் வேகம் மாறும்போது விடை ஏன் அப்படி மாறுகிறது என்பதை அது காட்டுவதில்லை. நிலுவை வளைவின் கீழுள்ள பரப்பளவு என்று கொண்டால் அது உடனே தெரிகிறது.

சராசரி ஆயுளைத் தொகுப்பு முடியும் நாளாகவோ, பாதி அசல் திரும்பும் நாளாகவோ எடுத்துக்கொள்வதும் அடிக்கடி நடக்கிறது. நம் தொகுப்பில் 127 மாதங்கள் கழிந்த நிலையில் இன்னும் 42.8% அசல் நிலுவையில் இருக்கிறது. அதன் கடைசிப் பகுதி மேலும் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் வந்துகொண்டே இருக்கும். பின்னால் நீண்டு செல்லும் இந்தச் சிறு தொகைகள், ஒவ்வொன்றும் அற்பமானாலும், பெரிய மாத எண்களால் பெருக்கப்படுவதால் சராசரியைத் தங்கள் பக்கம் இழுக்கின்றன.

வேகம் மாறினால் சராசரி ஆயுள் எப்படி மாறுகிறது

B3 கட்டத்தில் உள்ள சிபிஆரை மட்டும் மாற்றி, அதே தொகுப்புக்குச் சராசரி ஆயுளை எழுதிக்கொண்டால் இப்படி வருகிறது:

| சிபிஆர் | மாத விகிதம் | சராசரி ஆயுள் (ஆண்டுகள்) |
|---|---|---|
| 0% | 0 | 19.31 |
| 3% | 0.2535% | 14.04 |
| 6% | 0.5143% | 10.60 |
| 9% | 0.7828% | 8.28 |
| 12% | 1.0596% | 6.67 |
| 24% | 2.2610% | 3.48 |

முதல் மூன்று சதவீதப் புள்ளிகள் சராசரி ஆயுளை 5.27 ஆண்டுகள் குறைக்கின்றன. அடுத்த மூன்று 3.44 ஆண்டுகள், அதற்கடுத்தது 2.32, அதன் பின் 1.61. வேகம் 12%-இலிருந்து 24%-ஆக, பன்னிரண்டு புள்ளிகள் கூடியும் குறைவது 3.19 ஆண்டுகள் மட்டுமே.

நிலுவை வளைவை மனத்தில் கொண்டுவந்தால் காரணம் விளங்கும். மாத விகிதம் ஒவ்வொரு மாதமும் பெருக்கப்படுவதால், அதன் அடி தொலைவிலுள்ள மாதங்களில்தான் மிகக் கடுமையாக விழுகிறது. முன்செலுத்தலே இல்லாத நிலையில் 15, 20, 25 ஆண்டுகளுக்கு அப்பால் பெரிய நிலுவை இருக்கிறது. வளைவின் பரப்பளவில் கணிசமான பகுதி அங்கேதான். சிறு வேகம் வந்தாலும் அந்தப் பகுதி பெருமளவு கரைந்துவிடும். வேகம் ஏற்கெனவே 12%-இல் இருக்கும்போதோ அந்தத் தொலைவில் கரைக்க ஏறக்குறைய எதுவும் இல்லை. எஞ்சிய பரப்பளவு முதல் சில ஆண்டுகளில் இருக்கிறது. அங்கே விகிதம் சில முறைகளே பெருக்கப்பட்டிருப்பதால் அதன் விளைவும் சிறிது.

முதலீட்டாளருக்கு இந்த அட்டவணையில் நான் மிக முக்கியமாகக் கருதும் வரிகள் 3, 6, 9 ஆகிய மூன்றும்தாம். ஒருவர் 6% வேகத்தை அனுமானித்து, 10.60 ஆண்டுகள் என்று எண்ணி வாங்குகிறார். வேகம் மூன்று புள்ளிகள் கூடினால் சராசரி ஆயுள் 2.32 ஆண்டுகள் குறைகிறது. அதே மூன்று புள்ளிகள் குறைந்தால் 3.44 ஆண்டுகள் நீள்கிறது. அனுமானம் இரு பக்கமும் ஒரே அளவு பிசகினாலும், நீட்சி சுருக்கத்தைவிடப் பெரிது. சந்தை வட்டி உயரும்போது பழைய, குறைந்த வட்டிக் கடனை யாரும் அவசரப்பட்டு அடைப்பதில்லை, வேகம் குறைகிறது. பணத்தைத் திரும்பப் பெற்று உயர்ந்த வட்டியில் மறுமுதலீடு செய்ய முதலீட்டாளர் விரும்பும் அதே காலத்தில், அவருடைய அசல் நீண்ட காலத்துக்குக் கட்டுண்டு கிடக்கிறது. வட்டி இறங்கும்போது கடனாளிகள் புதுக்கடனுக்கு மாறுகிறார்கள். அசல் வேகமாகத் திரும்பி, குறைந்த வட்டியில் மறுமுதலீடு செய்ய வேண்டிய நிலை வருகிறது. ஆகவே 10.60 என்ற ஒற்றை எண்ணை மட்டும் கேட்டு வாங்குவது போதாது. அனுமானித்த வேகத்துக்கு இரு பக்கமும் உள்ள எண்களையும் அருகில் எழுதச் சொல்ல வேண்டும். எந்த வேகத்தில் கணக்கிட்டது என்று குறிப்பிடாத சராசரி ஆயுளை நான் ஒரு தகவலாகவே எடுத்துக்கொள்வதில்லை.

நடைமுறைத் தொகுப்புகளுக்குப் பொருத்தும்போது

நம் தொகுப்பில் எல்லாக் கடன்களும் ஒரே வட்டியும் ஒரே காலமும் கொண்டவை. உண்மைத் தொகுப்பில் இவை வேறுபடும்; நிலுவையை எடையாகக் கொண்டு எடுத்த சராசரி வட்டியையும் சராசரி எஞ்சிய காலத்தையும் பயன்படுத்தி, முழுத் தொகுப்பையும் ஒரே கடன்போலக் கணக்கிடுவது வழக்கம். கடன்கள் ஒன்றோடொன்று நெருங்கியிருக்கும் வரை இது நன்றாகவே பொருந்தும். 15 ஆண்டுக் கடன்களும் 30 ஆண்டுக் கடன்களும் கலந்திருந்தால் பொருந்தாது. தனித்தனி அட்டவணைகள் போட்டு, மாதவாரியாகக் கூட்ட வேண்டும். ஏற்கெனவே சில ஆண்டுகள் ஓடிய தொகுப்பு என்றால், சூத்திரத்தில் உள்ள 361-ஐ எஞ்சிய மாதங்களோடு ஒன்று கூட்டிய எண்ணாக மாற்றி, எஞ்சிய மாதங்களுக்கு அப்பால் வரும் வரிகளை நீக்கிவிட்டு, இன்றைய நிலுவையை B7-இல் இடுங்கள். சராசரி ஆயுள் அப்போது இன்றிலிருந்து எண்ணப்படும்.

மாறா விகிதம் என்ற அனுமானத்துக்கே உள்ள குறை வேறு. புதிதாக வீடு வாங்கியவர் முதல் சில மாதங்களிலேயே அதை விற்பதும் கடன் மாறுவதும் அரிது. எனவே புதிய தொகுப்பில் முதல் மாதத்திலிருந்தே 6% வேகம் என்பது மிகை. இதைச் சரிசெய்ய, அமெரிக்காவின் பொதுப் பத்திரங்கள் சங்கம் 1985-இல் ஓர் அளவுகோலை வகுத்தது. சங்கத்தின் பெயர்ச் சுருக்கத்தால் அது பிஎஸ்ஏ என்று அறியப்படுகிறது. அதன்படி 30 ஆண்டுக் கடனின் முதல் மாதத்தில் சிபிஆர் 0.2%, மாதந்தோறும் 0.2 புள்ளி உயர்ந்து, 30ஆம் மாதத்தில் 6%-ஐ எட்டி, அதன் பின் மாறாமல் நிற்கிறது. இதையே 100 பிஎஸ்ஏ என்பார்கள். 200 பிஎஸ்ஏ என்றால் ஒவ்வொரு மாதத்தின் விகிதமும் இதைப்போல் இரு மடங்கு. தொடக்க மாதங்களில் குறைவாக வெளியேறுவதால் 100 பிஎஸ்ஏ வேகத்தில் நம் தொகுப்பின் சராசரி ஆயுள் 10.60-ஐவிடச் சற்று நீளும்.

அட்டவணையில் இதற்காக மாற்ற வேண்டியது ஒரே இடம்தான். ஒவ்வொரு மாதத்துக்கும் உரிய சிபிஆரை J நெடுவரிசையிலும், அதிலிருந்து பெற்ற எஸ்எம்எம்மை K நெடுவரிசையிலும் எழுதி, F நெடுவரிசையில் $B$4 இருக்குமிடத்தில் K-ஐ இடுங்கள்:

```
J7:  =MIN(6%, 0.2%*A7)
K7:  =1-(1-J7)^(1/12)
F7:  =K7*(B7-E7)
```

மற்ற நெடுவரிசைகளும், சராசரி ஆயுளின் இரு சூத்திரங்களும், வட்டி மொத்தத்தைக் கொண்டு செய்த சரிபார்ப்பும் அப்படியே நிற்கும். பத்தாம் ஆண்டு நிலுவைக்குச் செய்த சரிபார்ப்பில் மட்டும், 0.94-ஐப் பத்து முறை பெருக்குவதற்குப் பதிலாக, ஒவ்வொரு மாதத்தின் (1 − K) மதிப்பையும் முதல் மாதத்திலிருந்து 120ஆம் மாதம் வரை வரிசையாகப் பெருக்கி, அந்தப் பெருக்கத்தை 83.69% மீது போட வேண்டும்.